ஆன் ஆகாத பழைய போன்ல இருந்து டேட்டா எடுக்குறது எப்படி: படிப்படியா

சார்ஜ் ஏறல, பவர் பட்டனை எவ்வளவு நேரம் அமுக்கினாலும் ஒண்ணும் வரல, ஆனா உள்ள பல வருஷத்து போட்டோ, வாட்ஸ்அப் பேச்சு, யார் யாரோட நம்பரோ எல்லாம் மாட்டிக்கிட்டு இருக்கு. இந்த நிலைமையில இருக்குறவங்களுக்குத்தான் இதை எழுதுறேன். எங்க அப்பாவோட பழைய ஆண்ட்ராய்டு போன் அலமாரியில மூணு வருஷத்துக்கு மேல கிடந்து செத்துப்போச்சு, அதுல இருந்து எடுக்குறதுக்குள்ள நான் பட்ட அலைச்சல்ல முக்காவாசி தேவையே இல்லாதது, என்ன வரிசையில பண்ணணும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா போதும்.

ஒரு விஷயத்தை முதல்லயே புரிஞ்சுக்கோங்க, மத்த எல்லா முடிவும் இதை வச்சுத்தான். "போன் செத்தா என்ன, மெமரி சிப்பை கழட்டி கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துக்கலாம்"னு நிறைய பேர் சொல்லுவாங்க. ரொம்ப பழைய போன்ல அது நடக்கும். 2015ல ஆண்ட்ராய்டு 6 வந்ததுக்கு அப்புறம் விற்பனைக்கு வந்த பெரும்பாலான போன்லயும், அதுக்கு முன்னாடியிருந்தே ஐபோன்லயும், உள்ள இருக்குற டேட்டா எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டித்தான் இருக்கு. அந்த சாவியில ஒரு பாதி பிராசஸருக்குள்ள பதிஞ்சிருக்கு, இன்னொரு பாதி நீங்க போடுற பின் நம்பர்ல இருந்து வருது. மெமரி சிப்பை மட்டும் கழட்டி எடுத்துட்டு வர்றது, பூட்டின பெட்டியை தூக்கிட்டு வந்து சாவியை பழைய வீட்டுலயே விட்டுட்டு வந்த கதைதான். 

அதனால நம்ம வேலை போனை ரிப்பேர் பண்றது இல்ல. அந்த மதர்போர்டை, அதே பிராசஸர் அதே மெமரியோட, ஒரே ஒரு தடவை ஒரு சில மணி நேரம் உயிரோட எழுப்புறது. கேமரா, ஸ்பீக்கர், பின்பக்க கண்ணாடி எது போனாலும் கவலையே இல்ல. இதை மனசுல வச்சுக்கிட்டா கடையில எதுக்கு காசு குடுக்கணும் எதுக்கு குடுக்கக்கூடாதுன்னு தானா தெரிஞ்சிரும்.

1. போனை தொடுறதுக்கு முன்னாடி, வேற இடத்துல ஏற்கனவே இருக்கான்னு பாருங்க

வேற ஒரு போன்லயோ கம்ப்யூட்டர்லயோ அந்த பழைய கூகுள் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி photos.google.com, contacts.google.com ரெண்டையும் திறந்து பாருங்க. ஐபோன்னா icloud.com. காண்டாக்ட்ஸ் பெரும்பாலும் அங்கயே இருக்கும், பலருக்கு அதுக்காகத்தான் இவ்வளவு பதட்டமேன்னு அப்பத்தான் தெரியும். போட்டோ பாதி வரைக்கும் இருக்கலாம், கடைசி போட்டோவோட தேதியை குறிச்சு வச்சுக்கோங்க, அந்த தேதிக்கு அப்புறம் உள்ளது மட்டும்தான் போன்ல இருந்து எடுக்க வேண்டியது.

அடுத்து சிம் தட்டை வெளிய இழுத்து மெமரி கார்டு இருக்கான்னு பாருங்க. இருந்தா கார்டு ரீடர்ல போட்டா வேலை முடிஞ்சது. ஒரே ஒரு பொறி இருக்கு: சில போன்ல கார்டை உள் மெமரி மாதிரியே ஃபார்மட் பண்ணி வச்சிருப்பாங்க. அப்படி இருந்தா கம்ப்யூட்டர் அதை படிக்கத் தெரியாம "ஃபார்மட் பண்ணவா"ன்னு கேக்கும். வேணாம்னு சொல்லிட்டு, கார்டை அதே போன்ல திரும்ப வச்சிருங்க, அதோட சாவி போனுக்குள்ளதான் இருக்கு.

2. எழுதி வைக்க வேண்டியது

போனைத் திறக்குற பின் நம்பரோ பேட்டர்னோ. இதை நான் பெருசா சொல்றதுக்கு காரணம் இருக்கு. போன் அணைஞ்சு திரும்ப ஆன் ஆகும்போது கைரேகை, முகம் எதையும் ஏத்துக்காது, பின் மட்டும்தான். பின் போடுற வரைக்கும் உள்ள இருக்குற போட்டோ, ஃபைல் எல்லாம் பூட்டியே இருக்கும். கைரேகையிலயே பழகினவங்களுக்கு பின் மறந்தே போயிருக்கும், அதனால போன் செத்துக் கிடக்கும்போதே, நிதானமா, வீட்டுல எல்லார்கிட்டயும் கேட்டு, எதெல்லாம் இருக்க வாய்ப்புன்னு ஒரு தாள்ல வரிசையா எழுதுங்க, எதை முதல்ல போடணும்னும் முடிவு பண்ணுங்க. ஐபோன்ல 10 தடவை தப்பா போட்டா அதோட சரி, அழிச்சுட்டு புதுசா ஆரம்பிக்கறது தவிர வேற வழி விடாது. ஆண்ட்ராய்டுல பொதுவா காத்திருக்குற நேரம் கூடிக்கிட்டே போகும், தானா அழிக்குற செட்டிங் போட்டு வச்சிருந்தா அதுவும் நடக்கும்.

கூடவே கூகுள் இல்ல ஆப்பிள் அக்கவுண்ட் பாஸ்வேர்டு, போன் வாங்கின பில், பெட்டியில ஒட்டியிருக்குற ஐஎம்இஐ நம்பர் இதெல்லாம் எடுத்து வைங்க. கடையில, குறிப்பா டேட்டா எடுக்குற லேப்ல, போன் உங்களுதுதான்னு காட்டச் சொல்லுவாங்க. போன் இன்னொருத்தர் பேர்ல இருந்தா, அவங்க கையெழுத்து போட்ட ஒரு கடிதம், இறந்தவங்க போன்னா இறப்புச் சான்றோட நகலும் நீங்க என்ன உறவுன்னு காட்டுற ஒரு தாளும் கையில இருந்தா ரெண்டாவது நடை மிச்சம்.

3. செத்தது போனா, திரையா?

திரை மட்டும் போயிருந்தாலும் பாக்குறதுக்கு செத்த போன் மாதிரியேதான் இருக்கும். சார்ஜர் மாட்டும்போது ஒரு அதிர்வு வருதா, சத்தம் வருதான்னு கவனிங்க. இருட்டுல வச்சு திரை மேல டார்ச்சை சாய்வா அடிச்சுப் பாருங்க, சில எல்சிடி திரையில பின்னாடி விளக்கு மட்டும் போயிருந்தா படம் மங்கலா தெரியும்.

பிறகு வலுக்கட்டாய ரீஸ்டார்ட். பெரும்பாலான ஆண்ட்ராய்டுல பவரையும் சத்தம் குறைக்குற பட்டனையும் சேர்த்து 20 நொடி வரைக்கும் பிடிக்கணும். ஐபோன் 8ல இருந்து புதுசுக்கு: சத்தம் கூட்டுற பட்டனை ஒரு தட்டு, குறைக்குறதை ஒரு தட்டு, அப்புறம் பக்கவாட்டு பட்டனை லோகோ வர்ற வரைக்கும் விடாம பிடிக்கணும். ஐபோன் 7ன்னா பவரும் சத்தம் குறைக்குறதும், 6எஸ் அதுக்கும் முந்தினதுன்னா பவரும் ஹோமும்.

இங்க ஒரு பெரிய பொறி: பட்டன்களை மாத்தி மாத்தி அமுக்கும்போது சில போன் ரிகவரி மெனுவுக்குள்ள போயிரும். `Wipe data/factory reset`னு ஒரு வரி அதுல இருக்கும், அது பக்கமே போகாதீங்க. `Reboot system now` மட்டும்தான் உங்களுக்கு. ஐபோனை கம்ப்யூட்டர்ல மாட்டினா `Update`, `Restore`னு ரெண்டு பட்டன் வரும், `Update` உங்க டேட்டாவை வச்சுக்கிட்டு சிஸ்டத்தை மட்டும் திரும்ப போடும், `Restore` எல்லாத்தையும் துடைச்சிரும்.

4. சார்ஜ் ஏத்திப் பாக்குறது, பொறுமையா

முதல்ல போனை பக்கவாட்டுல, கண்ணுக்கு நேரா வச்சுப் பாருங்க. பின்மூடி உப்பியிருக்கா, திரை ஓரத்துல மேல தூக்கியிருக்கா, சமதளத்துல வச்சா ஆடுதா? அப்படின்னா பேட்டரி உப்பிப்போச்சு, சார்ஜர் மாட்டவே கூடாது, அமுக்கவும் கூடாது, குத்தவும் கூடாது, நேரா 6வது படிக்குப் போயிருங்க. தண்ணியில விழுந்த போனுக்கும் இதேதான், ஈரத்தோட கரண்டு குடுத்தா போர்டுல இருக்குற சின்னச் சின்ன பாகம் எல்லாம் அரிக்க ஆரம்பிச்சிரும், அரிசிக்குள்ள புதைச்சு வச்சா அது நிக்காது.

உப்பலைன்னா, சார்ஜ் ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. பாக்கெட்ல இருந்த பஞ்சும் தூசியும் சேர்ந்து ஒரு மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும், ஒயர் முழுசா உள்ள போகாது, மாட்டினா லொடலொடன்னு ஆடும். மரப் பல்குச்சியால மெதுவா நோண்டி எடுங்க, ஊசி, பின் எதையும் விடாதீங்க, உள்ள இருக்குற காண்டாக்ட் வளைஞ்சா புது செலவு.

ரொம்ப நாள் கிடந்த பேட்டரி எப்படி நடந்துக்கும்னு தெரிஞ்சா இங்க அவசரப்பட மாட்டீங்க. லித்தியம் பேட்டரி சாதாரணமா 3.7 வோல்ட் சுத்தி இருக்கும். அலமாரியில கிடந்து கிடந்து அது சுமார் 2.5 வோல்ட் பக்கம் இறங்கினா, பேட்டரி தலையில இருக்குற சின்ன பாதுகாப்பு சர்க்யூட் வெளிய வர்ற வழியை அடைச்சிரும். அப்புறம் சார்ஜர் மாட்டினா போன் எடுத்ததும் முழு வேகத்துல ஏத்தாது, 3 வோல்ட் வர்ற வரைக்கும் சொட்டு சொட்டாத்தான் விடும். அந்த நேரத்துல திரையில பேட்டரி படம்கூட வராது, செத்ததாவே தெரியும். பத்து நிமிஷம் பாத்துட்டு தூக்கிப் போடுறவங்க இங்கதான் ஏமாறுறாங்க.

அதனால சாதாரண 5 வோல்ட் சார்ஜர், நல்லா வேலை செய்யுற ஒயர், சுவத்து பிளக். ஃபாஸ்ட் சார்ஜர் வேணாம், கம்ப்யூட்டர் யூஎஸ்பியும் வேணாம். ராத்திரி தூங்கும்போது விடாதீங்க, பகல்ல கண் பாக்குற இடத்துல, தரையில வச்சு நாலஞ்சு மணி நேரம் விடுங்க, அப்பப்போ தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாத அளவுக்கு சுட்டா கழட்டிருங்க. வயர்லெஸ் சார்ஜ் வசதி இருக்குற மாடல்னா அதையும் கட்டாயம் முயற்சி பண்ணுங்க, சார்ஜ் ஓட்டை மட்டும் போயிருந்தா இது ஒண்ணே போதும், கடைக்கே போக வேணாம்.

முடிஞ்சா சார்ஜருக்கும் ஒயருக்கும் நடுவுல மாட்டுற ஒரு சின்ன யூஎஸ்பி மீட்டர் வாங்கிக்கோங்க, இந்த மொத்த வேலையிலயே மலிவான பொருள் அதுதான், ஆனா கண்ணை திறந்து விடுற பொருளும் அதுதான். நம்பரை இப்படி படிக்கலாம். 0.00 ஆம்பியர்லயே நின்னா கரண்டு உள்ளயே போகல, ஒயரோ சார்ஜிங் போர்ட்டோ போயிருக்கு. 0.05, 0.08ன்னு சின்னதா நின்னா மேல சொன்ன சொட்டு சார்ஜா இருக்கலாம், விட்டுப் பாருங்க, பல மணி நேரம் கழிச்சும் அதே நம்பர்னா பேட்டரி ஏத்துக்கலைன்னு அர்த்தம். 0.5க்கு மேல, 1 வரைக்கும் போனா நல்லா சார்ஜ் ஏறுது, அப்ப உங்க பிரச்சினை பெரும்பாலும் திரைதான். ஏறி இறங்கி ஏறி இறங்கின்னு சில நொடிக்கு ஒருதரம் ஆடினா போன் எழுந்திருக்கப் பாக்குது, பேட்டரி தாங்க மாட்டேங்குது.

அப்பா போன்ல எந்த ஒயர் மாட்டினாலும் 0.00. அசையவே இல்ல.

5. கம்ப்யூட்டருக்கு ஏதாச்சும் தெரியுதா

அஞ்சு நிமிஷ வேலைதான், ஆனா கடைக்காரர்கிட்ட பேசும்போது உதவும். போனை கம்ப்யூட்டர்ல மாட்டி விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜரை திறந்து வச்சுக்கிட்டு புதுசா என்ன வருதுன்னு பாருங்க. போன் பேரே வந்தா போன் உயிரோடதான் இருக்கு, திரை போச்சு. `Qualcomm HS-USB QDLoader 9008`னு வந்தா பிராசஸர் மூச்சு விடுது, ஆனா மெமரியில இருந்து ஸ்டார்ட் ஆக முடியல. ஐபோன் திரையில ஒண்ணுமே இல்லாம டிஎஃப்யூ இல்ல ரிகவரின்னு கம்ப்யூட்டர்ல காட்டினாலும் போர்டு முழுசா சாகலன்னு எடுத்துக்கலாம். லினக்ஸ் வச்சிருக்கவங்க:

```
lsusb
```

மாட்டுறதுக்கு முன்னாடி ஒருதரம், பின்னாடி ஒருதரம் ஓட்டுங்க. புதுசா வந்த வரியில `05c6:9008` இருந்தா மேல சொன்ன அதே குவால்காம் நிலைமை. அப்ப "ஃப்ளாஷ் பண்ணா, அதாவது சிஸ்டத்தை புதுசா ஏத்தினா சரியாயிரும்"னு யாராச்சும் சொல்லுவாங்க, போன் சரியாகலாம், ஆனா டேட்டா இருக்குற பகுதியையும் சேர்த்து அழிச்சுட்டா போன் மட்டும்தான் மிஞ்சும். ஒத்துக்காதீங்க.

6. கடைக்குப் போறது

எந்த கடைங்கறதுதான் முக்கியம். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பெரும்பாலும் போர்டு லெவல் வேலை பண்றது இல்ல, மதர்போர்டையே மாத்துவாங்க, இல்ல போனையே மாத்திக் குடுப்பாங்க. வாங்கும்போதே டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிருவாங்க. போர்டு மாறினா உங்க போட்டோவும் அதோட போச்சு. நீங்க தேட வேண்டியது மைக்ரோஸ்கோப், டிசி பவர் சப்ளை வச்சு போர்டுல வேலை பாக்குற ஆளை. டிசி சப்ளைன்னா பேட்டரிக்குப் பதிலா போர்டுக்கு கரண்டு குடுத்து, அது எவ்வளவு ஆம்பியர் இழுக்குதுன்னு நம்பர்ல காட்டுற பெட்டி. திரை மாத்துறது, டெம்பர் கிளாஸ் ஒட்டுறது மட்டும் பண்ற கடை இதுக்கு ஆகாது. "டிசி சப்ளையில போட்டுப் பாத்து சொல்லுவீங்களா"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும், புரியலைன்னு முழிச்சா நன்றி சொல்லிட்டு நடையைக் கட்டுங்க.

நான் போன கடையில அந்தப் பையன் பின்மூடியை ஹீட் விட்டுத் திறந்து, பேட்டரி கனெக்டரை எடுத்துட்டு மல்டிமீட்டரை வச்சான், பூஜ்யம். பாதுகாப்பு சர்க்யூட் அடைச்சுக்கிச்சு. அடுத்து பேட்டரிக்குப் பதிலா டிசி சப்ளையில 4 வோல்ட் வச்சு போர்டோட கனெக்டர்ல குடுத்தான். "சார், இப்ப இந்த நம்பரை மட்டும் பாருங்க, பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி இது பூஜ்யத்துல இருக்கணும்"னான். இருந்துச்சு. பவர் பட்டனை அமுக்கினதும் 0.08 ஆம்பியர்னு எழுந்து, ஒரு நொடி நின்னு, 0.3, 0.45, 0.28ன்னு ஆட ஆரம்பிச்சது. "போர்டு ஓடுது, பேட்டரியும் கீழ சார்ஜ் ஓட்டை இருக்குற சப் போர்டும்தான் போச்சு"ன்னான். அடுத்த நிமிஷம் திரையில லோகோ.

அந்த நம்பர் ஆடுறதுதான் விஷயம். பிராசஸர் மெமரியில இருந்து படிச்சு, ஒவ்வொண்ணா எழுப்பும்போது கரண்டு ஏறி இறங்கும். பட்டனை தொடாமலேயே 1 ஆம்பியருக்கு மேல குதிச்சா போர்டுல ஏதோ ஷார்ட். பட்டனை அமுக்கியும் ஒரே நம்பர்ல அசையாம நின்னா பூட் ஆகாம எங்கயோ மாட்டிக்கிச்சு, அது பிராசஸர் பக்கமோ மெமரி பக்கமோ இருந்தா வேலை கஷ்டம். ஷார்ட்டுனு சொன்னா பயப்படாதீங்க, பல தடவை அது கடுகு அளவுகூட இல்லாத ஒரு கெபாசிட்டர், எது சூடாகுதுன்னு தெர்மல் கேமராவுல பாத்து அதை எடுத்துவிட்டா போர்டு எழுந்திரும். ஐபோன்லயும் இன்னும் சில மாடல்லயும் பிளஸ், மைனஸ் மட்டும் குடுத்தா போதாது, பேட்டரியோட பேசுற மூணாவது லைனும் வேணும், அதுக்குன்னு தனி கேபிள் இருக்கு. அது இல்லாத கடையில ஆன் ஆகலைன்னதும் "போர்டு டெட்"னு முடிவு கட்டிராதீங்க.

போனைக் குடுக்கும்போது ரசீதுல இதை எழுதச் சொல்லுங்க, வாயால சொன்னா போதாது, நீங்க பேசின ஆளும் வேலை பாக்குற ஆளும் வேற வேறயா இருப்பாங்க:

"டேட்டா மட்டும் வேணும். ரீசெட், ஃப்ளாஷ், அப்டேட், போர்டு மாத்துறது எதுவும் கூடாது. கழட்டின பாகம் எல்லாம் திருப்பித் தரணும்." கூட ஐஎம்இஐ நம்பர், போன் இருக்குற நிலைமை, பாத்து சொல்றதுக்கு மட்டும் எவ்வளவு, எடுக்க முடியலைன்னா எவ்வளவு.

செலவு எப்படி ஏறும்னா: சார்ஜிங் சப் போர்டும் பேட்டரியும் மலிவு, பாகம் கையில இருந்தா அதே நாள் முடிஞ்சிரும், பழைய மாடலுக்கு பாகம் வரவழைக்கத்தான் வாரக்கணக்குல இழுக்கும். போர்டுல ஷார்ட் எடுக்குறது அதைவிட கூட, ஆனா தாங்கக்கூடியது, சில நாள் ஆகும். போர்டுக்கு கரண்டு பிரிச்சுக் குடுக்குற பவர் ஐசிங்கற சிப்பை மாத்துறது அதுக்கும் மேல. பிராசஸரையும் மெமரியையும் கழட்டி இன்னொரு போர்டுல ஜோடியா நடுறது ஒண்ணு இருக்கு, அது டேட்டா ரெக்கவரி லேப் வேலை, பழைய போனோட விலையை தாண்டிரும், வாரக்கணக்கு ஆகும், அந்த சூட்டுலயே சிப்பு போயிரவும் வாய்ப்பிருக்கு. எடுக்கலைன்னா காசு வேணாம்னு சொல்ற லேப் இருக்கு, அப்பவும் பாத்து சொல்றதுக்கான கட்டணமும் அனுப்புற செலவும் தனியான்னு கேட்டுக்கோங்க. லேப்ல பின் நம்பர் கேப்பாங்க, அது இல்லாம அவங்களாலயும் ஒண்ணும் முடியாது. "பின் வேணாம், எதுல இருந்தும் எடுத்துருவோம்"னு சொல்ற இடத்துல முன்பணம் குடுக்காதீங்க.

பழைய பேட்டரியை ஷாக் குடுத்து எழுப்பித் தரேன்னு சொன்னாலும் வேணாம்னுருங்க. அவ்வளவு கீழ இறங்கின பேட்டரி உள்ளுக்குள்ள கெட்டுப்போயிருக்கும், காப்பி ஓடிக்கிட்டு இருக்கும்போது பாதியில அணையும், இல்ல உப்பும். புதுசே போட்டுக்கோங்க.

7. போன் ஆன் ஆயிருச்சு, இப்ப என்ன

இங்கதான் ரொம்பப் பேர் சந்தோஷத்துல கோட்டை விடுறது. எழுந்த போர்டு எவ்வளவு நேரம் ஓடும்னு யாருக்கும் தெரியாது, அதனால கேலரியை திறந்து பழைய போட்டோ பாக்குறதெல்லாம் அப்புறம். பின் போட்டதும் முதல் வேலை ஏரோபிளேன் மோடு. இல்லைன்னா மூணு வருஷத்து அப்டேட் எல்லாம் ஒண்ணா இறங்க ஆரம்பிச்சு போன் சுட்டுத் தள்ளும். வாட்ஸ்அப்பை திறந்து நம்பர் வெரிஃபை பண்ணாதீங்க, உங்க புது போன்ல இருக்குறது வெளிய போயிரும்.

யூஎஸ்பி ஒயரை கம்ப்யூட்டர்ல மாட்டி, மேல இருந்து இழுத்து ஃபைல் டிரான்ஸ்ஃபர்னு மாத்துங்க. மாத்தலைன்னா சார்ஜ் மட்டும் ஏறும், கம்ப்யூட்டர்ல ஃபோல்டர் காலியா இருக்கும், போட்டோ போச்சுன்னு அலறிராதீங்க. மொத்தமா இழுத்துப் போடாம, திரும்ப கிடைக்காதது எதுவோ அது முதல்ல. `DCIM` ஃபோல்டர், அப்புறம் வாட்ஸ்அப். அது ஆண்ட்ராய்டு 11, இல்ல அதுக்கும் மேலன்னா `Android/media/com.whatsapp`ல இருக்கும், பழசுன்னா வெளியவே `WhatsApp`னு இருக்கும். வாய்ஸ் ரெக்கார்டிங் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு மாடலுக்கு மாடல் மாறும், எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது, `Recordings`, `Sounds`, `Voice Recorder`னு மூணு பேர்லயும் தேடிப் பாருங்க. காண்டாக்ட்ஸ் ஆப்புக்குள்ள எக்ஸ்போர்ட் குடுத்தா ஒரே `.vcf` ஃபைலா வரும், இது ஒரு நிமிஷம்தான் ஆகும், அதனால வாட்ஸ்அப் முடிஞ்ச கையோட பண்ணிருங்க.

ஆயிரக்கணக்குல போட்டோ இருந்தா விண்டோஸ் ஃபோல்டரை திறக்கும்போதே திணறும், பாதியில நின்னு போயிரும், எது வந்துச்சு எது வரலைன்னு தெரியாது. எனக்கும் அப்படித்தான் நின்னுச்சு. இதுக்கு ஏடிபி நல்லது, கம்ப்யூட்டர்ல கமாண்ட் அடிச்சு போன்ல இருந்து ஃபைலை இழுக்குற டூல் அது, முதல்ல அதை கம்ப்யூட்டர்ல போட்டுக்கோங்க. செட்டிங்ஸ்ல `Build number`ஐ 7 தடவை தட்டுங்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதுல யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணி, போன் திரையில கேக்குற அனுமதியை குடுங்க. கம்ப்யூட்டர்ல:

```
adb devices
adb pull -a /sdcard/DCIM
adb pull -a /sdcard/Android/media/com.whatsapp
```

வாட்ஸ்அப் ஃபோல்டர் வெளியவே இருக்குற பழைய போன்னா கடைசி வரியில `/sdcard/WhatsApp`னு போடுங்க. அந்த `-a` போட்டாத்தான் ஃபைலோட பழைய தேதி அப்படியே வரும், இல்லைன்னா எல்லா போட்டோவும் இன்னைக்கு எடுத்த மாதிரி ஆயிரும். நடுவுல நின்னா மிச்ச ஃபோல்டரை மட்டும் தனித்தனியா இழுங்க. போன் சூடானா நிறுத்தி ஆற விட்டு திரும்ப ஆரம்பிங்க.

திரை தெரியுது ஆனா தொட்டா வேலை செய்யலைன்னா, ஓடிஜி அடாப்டர்ல சாதா யூஎஸ்பி மவுஸ் மாட்டினா பெரும்பாலான ஆண்ட்ராய்டுல அம்புக்குறி வரும், பின்னை கிளிக் பண்ணியே போட்டுடலாம். வயர்லெஸ்ல சார்ஜ் ஏத்தி எழுப்பின போன்ல யூஎஸ்பி ஓட்டையே வேலை செய்யாது, அப்ப மட்டும் வைஃபை போட்டு அனுப்புங்க, இல்ல மெமரி கார்டு போட்டு அதுக்கு காப்பி பண்ணுங்க.

ஐபோன்னா கம்ப்யூட்டர்ல மாட்டி, இந்த கம்ப்யூட்டரை நம்பலாமான்னு போன்ல கேக்குறதுக்கு பாஸ்கோட் போட்டு, முழு பேக்கப் எடுக்குறதுதான் சுலபம். என்கிரிப்ட் பேக்கப் டிக் போட்டீங்கன்னா சேமிச்ச பாஸ்வேர்டும் கூட வரும், ஆனா அந்த பேக்கப்புக்கு வைக்குற பாஸ்வேர்டை எழுதி வச்சுக்கோங்க, மறந்தா அந்த பேக்கப் குப்பைதான்.

வாட்ஸ்அப் பத்தி ஒண்ணு. போட்டோ, வீடியோ, வாய்ஸ் எல்லாம் அந்த ஃபோல்டர்ல சாதாரண ஃபைலாவே கிடக்கும். பேச்சு மட்டும் `Databases`க்குள்ள `msgstore.db.crypt14` இல்ல `crypt15`னு பூட்டின ஃபைலா இருக்கும், அதே நம்பர்ல வாட்ஸ்அப் புதுசா போடும்போதுதான் திரும்ப வரும். ஏற்கனவே புது போன்ல ஓடிக்கிட்டு இருக்குற பேச்சோட பழசு சேராது, பழசை போட்டா புதுசு போயிரும். அதனால அந்த ஃபைலை பத்திரமா வைங்க, அவசரப்பட்டு ரீஸ்டோர் பண்ணாதீங்க.

8. காப்பி சரியா வந்துச்சான்னு பாக்குறது

போன்ல அந்த ஃபோல்டர்ல எத்தனை ஃபைல், எவ்வளவு ஜிபின்னு பாத்து, கம்ப்யூட்டர்ல அதே ஃபோல்டரோட ஒத்துப் பாருங்க. பிறகு முதல், நடு, கடைசின்னு சில வீடியோவை முழுசா ஓட விடுங்க, சின்னப் படம் தெரியுறதை வச்சு நம்பாதீங்க, பாதி காப்பியான வீடியோவுக்கும் சின்னப் படம் வரும். சரியா இருந்தா இன்னொரு ஹார்ட் டிஸ்க்ல இன்னொரு காப்பி.

அதுக்கப்புறம்தான் அந்த போன்ல ஓடிபி காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப் ஏதாவது இருக்கான்னு பாருங்க, இருந்தா புது போனுக்கு மாத்துங்க, அந்த கோடு ஃபைல் காப்பியில வராது. எல்லாம் முடிஞ்சு போனை வித்துடப் போறீங்கன்னா முதல்ல அக்கவுண்ட்ல இருந்து வெளிய வந்துட்டு அப்புறம் ரீசெட் பண்ணுங்க, முன்ன பின்ன மாத்தினா வாங்கினவருக்கு போன் பூட்டிக்கிட்டு நிக்கும். வச்சுக்கப் போறீங்கன்னா பாதி சார்ஜோட அணைச்சு வைங்க, சில மாசத்துக்கு ஒருதரம் எடுத்து திரும்ப பாதிக்கு ஏத்துங்க. கழட்டின பழைய பேட்டரி குப்பைத் தொட்டிக்கு வேணாம், காண்டாக்ட் மேல டேப் ஒட்டி, எலக்ட்ரானிக் கழிவு வாங்குற இடத்துல குடுத்துருங்க.